முத்திரை இருக்கிறது, பதிவேடு எங்கே?

“ஐ.எஸ்.ஐ. போட்டிருக்கு சார், அப்புறம் என்ன யோசனை?” சிதம்பரம் நான்கு வீதிகளிலும், கிள்ளை, பரங்கிப்பேட்டை சந்தைகளிலும் பாத்திரம், அடுப்பு உதிரி விற்பவர்கள் எல்லாரும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். வாங்குபவர்களும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். இந்த வாக்கியத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தைத்தான் இன்று எழுதப்போகிறேன். சமையல் எரிவாயு ரெகுலேட்டர், பிரஷர் குக்கரின் ரப்பர் வளையமாகிய கேஸ்கெட் என்ற இரண்டு சின்னப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் போலி முத்திரை போட்டு விற்பது நடக்கிறது. இரண்டும் இருப்பது அடுப்படியில், நம் வீட்டுப் பெண்களின் முகத்துக்கு நேரே.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு முத்திரை என்றால் என்னவென்று தெரியும். வட்ட முத்திரையை எந்தக் கடைத்தெருவிலும் ஒரு மணி நேரத்தில் செய்து வாங்கிவிடலாம். ஆகையால் ஒரு காகிதத்தில் முத்திரை இருப்பதால் அது உண்மையாகிவிடாது. முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டைத் திறந்தால், அதே பெயர், அதே பொருள், அதே தேதி அங்கே இருக்க வேண்டும். இருந்தால் காகிதம் உண்மை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே சான்றிட்ட நகலுக்கு ‘கொப்பி கொன்ஃபோர்ம்’ என்று பெயர். மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று பொருள். மூலத்தைப் பார்க்காமல் ‘ஒத்திருக்கிறது’ என்று கையெழுத்துப் போடுகிறவனை எழுத்தர் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கடையில் நாம் எல்லாருமே அப்படித்தான் மனத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

ஐ.எஸ்.ஐ. என்ற மூன்று எழுத்துகள் 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். அந்த நிறுவனம் 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிவிட்டது. பழைய எழுத்துகள் மட்டும் முத்திரையில் நின்றுவிட்டன. உண்மையான முத்திரை மூன்று பகுதி கொண்டது. நடுவில் கட்டத்துக்குள் அந்த எழுத்துகள். அதன் தலைக்கு மேலே, எந்தப் பொருளுக்கான தரம் என்று சொல்லும் ஐ.எஸ். எண். அதன் காலடியில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். பழைய உரிமங்களுக்கு ஏழு இலக்கம், புதியவற்றுக்குப் பத்து இலக்கம். மேலே இருக்கும் எண் ‘என்ன பொருள்’ என்று சொல்கிறது. கீழே இருக்கும் எண் ‘யார், எந்தத் தொழிற்சாலையில்’ என்று சொல்கிறது. நடுவில் இருக்கும் எழுத்துகள் தனியாக எதையும் சொல்வதில்லை. ஆனால் நம் ஜனங்கள் பார்ப்பதெல்லாம் அந்த நடு எழுத்துகளைத்தான்.

இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எரிவாயு ரெகுலேட்டருக்கான தரம் ஐ.எஸ். 9798. குக்கர் கேஸ்கெட்டுக்கான தரம் ஐ.எஸ். 7466. குக்கருக்கு அது தனி, ஐ.எஸ். 2347. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்காக, அந்தப் பொருள்கள் என்ன வேலை செய்கின்றன என்று கொஞ்சம் சொல்கிறேன்.

ரெகுலேட்டரைப் பிரெஞ்சில் ‘தெதாந்தர்’ என்பார்கள். இறுக்கத்தைத் தளர்த்துவது என்று பொருள். நம் ஊர் வெயிலில் சிலிண்டருக்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஐந்தாறு கிலோ அழுத்தம் இருக்கும். அடுப்புக்கு வேண்டியது 30 கிராம்தான். கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்கு. இந்த வேலையை உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய ரப்பர்த் தகடும், ஒரு சுருள்வில்லும், ஒரு சிறு நெம்புகோலும் செய்கின்றன. அந்தத் தகடு கிழிந்தால் வாயு ரெகுலேட்டர் தலையில் இருக்கும் சிறு துளை வழியாக வெளியே வரும். வில் சரியில்லையென்றால் அடுப்புக்குப் போகும் அழுத்தம் கூடும், ஜுவாலை பர்னரை விட்டு எழும்பி இரையும். பார்த்தால் வெறும் குமிழ்தான். ஆனால் மொத்தப் பாதுகாப்பும் ஒரு ரப்பர்த் துண்டில் தொங்குகிறது. அந்த ரப்பர் எப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. அதனால்தான் ஒருவன் சோதித்துப் பார்த்துவிட்டு எண் போட்டுக் கொடுக்கிறான்.

குக்கரின் கணக்கும் எளிது. வெயிட் தூக்கும்போது உள்ளே காற்றழுத்தத்துக்கு மேலே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம், வெப்பம் சுமார் 120 டிகிரி. மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதாவது முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மூட்டை அந்த மூடியைக் கீழேயிருந்து முட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பில் அதைத் தடுத்துச் சீல் வைத்திருப்பது கேஸ்கெட்.

இனி ஒரு உண்மை வழக்கு. என் மைத்துனர் மகள் சிதம்பரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். ஆனித் திருமஞ்சனச் சமயம் தெருவோரக் கடை ஒன்றில் ரெகுலேட்டர் இரண்டும், ஐந்து லிட்டர் குக்கருக்குக் கேஸ்கெட் ஒன்றும் வாங்கினாள். ஒரு ரெகுலேட்டர் அவளுக்கு, இன்னொன்று மாமியாருக்கு. “ஏஜென்சிக்குப் போனா ஆயிரம் கேள்வி கேட்பாங்க மாமா. இதுலயும் ஐ.எஸ்.ஐ. இருக்கு, பாருங்க” என்று போனில் படம் அனுப்பினாள். நேராகப் பிடித்து, பிளாஷ் போட்டு எடுத்த படம். பளபளவென்று இருந்தது. அதிலிருந்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. எழுத்து மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்பதையே பிளாஷ் அழித்துவிடும்.

நான் அவளிடம் கேட்டது இவ்வளவுதான். பொருளை ஜன்னலோரம் வை. பிளாஷை அணை. வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வை. முழுப் பொருளுக்கு ஒரு படம், முத்திரைக்கு ஒரு படம், எண்களுக்கு ஒரு படம். இரண்டு ரெகுலேட்டரையும் தனித்தனியாக எடு. அரை மணியில் படங்கள் வந்தன.

முதலில் பார்த்தது வரிசை எண்ணை. ரெகுலேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் அழுத்தி வார்ப்பது. வார்க்கும்போதே வரும் எழுத்துகள், அதாவது நிறுவனத்தின் பெயரும் தர எண்ணும், மேடாக நிற்கும். எல்லாத் துண்டிலும் ஒன்றாகவே இருக்கும். வரிசை எண் அப்படி இருக்க முடியாது. அது ஒவ்வொரு துண்டுக்கும் மாற வேண்டியது. ஆகவே வார்த்த பிறகு குத்தியோ செதுக்கியோதான் போட முடியும். பள்ளமாக இருக்கும், வரிசை கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். இவள் அனுப்பிய படத்தில் பக்க வெளிச்சத்தின் நிழலைப் பார்த்தால், வரிசை எண்ணும் பெயரைப் போலவே மேடாக நின்றது. அதாவது எண் அச்சிலேயே இருக்கிறது. அப்படியானால் அந்த அச்சில் வந்த எல்லாத் துண்டுக்கும் அதே எண்தானே? இரண்டாவது ரெகுலேட்டரின் படத்தைத் திறந்தேன். அதே எண். கடைசி இலக்கம் வரை அதே எண். ஒரே பட்டா எண்ணில் இரண்டு பேருக்கு இரண்டு நிலம் இருப்பது போல.

இங்கேயே வழக்கு முடிந்துவிட்டது. இருந்தாலும் பதிவேட்டையும் பார்த்தேன். தர நிர்ணய அமைவனத்தின் BIS Care என்ற செயலி கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணை இட்டால் உரிமம் பெற்றவரின் பெயர், ஊர், பொருள், தர எண், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். இந்த ரெகுலேட்டரின் காலடியில் இருந்த எண்ணை இட்டேன். உரிமம் வந்தது! உண்மையான உரிமம், நடப்பில் இருப்பது. ஆனால் அது எரிவாயு ரப்பர்க் குழாய்க்கான உரிமம். வேறு மாநிலத்தில் இருக்கும் யாரோ ஒரு குழாய்த் தொழிற்சாலையின் எண்ணைத் திருடி ரெகுலேட்டரில் அடித்திருக்கிறார்கள். ‘எண் செயலியில் வருகிறதே’ என்று பாதியிலேயே நிறுத்துபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். எண் இருக்கிறதா என்பது கேள்வி அல்ல. அந்த எண் இந்தப் பொருளுக்கு, இந்தப் பெயருக்கு உரியதா என்பதே கேள்வி. குழாய்க்காரர் பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது கேஸ்கெட். இதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை, ஏன் என்று சொல்கிறேன். முத்திரையின் தலைக்கு மேலே 2347 என்று இருந்தது. அது குக்கரின் தர எண். கேஸ்கெட்டுக்கு உரியது 7466. சந்தேகத்துக்கு நல்ல காரணம். ஆனால் அதுமட்டும் வைத்துக்கொண்டு போலி என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். கீழே உரிம எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் குழம்பிப்போய், எட்டா மூன்றா என்று தெரியாமல் இருந்தன. எழுத்துகளின் விளிம்பு எல்லாமே மழுங்கி, பழைய நாணயம் போல இருந்தது. அசல் வளையத்தையே மாதிரியாக வைத்து அதன்மேல் அச்சு எடுத்தால் இப்படித்தான் வரும். நகலின் நகல் எடுக்கும்போது எழுத்து மங்குவது போல. அப்படிச் செய்த வளையம் அசலைவிட மயிரிழை சிறியதாகவும் இருக்கும், ஏனென்றால் ரப்பர் அச்சிலிருந்து வெளியே வந்து ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். ஆனால் தேய்ந்துபோன அசல் அச்சிலும் எழுத்து மழுங்கலாம். அவளிடம் ஒப்பிட்டுப் பார்க்க இருந்த பழைய வளையமோ, பல வருடம் வெந்து நீண்டுபோனது. அதோடு அளவை ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. படிக்க முடியாத இலக்கத்தை ஊகித்து இட்டுப் பார்ப்பதும் தவறு. ஏதாவது ஒரு ஊகத்துக்கு ஏதாவது ஒரு உரிமம் வந்து நிற்கும்.

ஆகவே நான் சொன்னது: “ரெகுலேட்டர் இரண்டும் போலி, நிச்சயம். கேஸ்கெட் போலி என்று நிரூபணம் இல்லை. ஆனால் அசல் என்றும் நிரூபணம் இல்லை. அதனால் குக்கரில் போடாதே.” அவளுக்குச் சிரிப்பு. “என்ன மாமா, தாலுக்கா ஆபீஸ் மாதிரியே பேசுறீங்க?” என்றாள். பேசினால் என்ன? இந்த இடத்தில் அப்படித்தான் பேச வேண்டும்.

இங்கேதான் என் இரண்டாவது சண்டை. முதல் சண்டை ‘முத்திரை இருக்கே’ என்பவர்களோடு. இரண்டாவது, ‘எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, டூப்ளிகேட்’ என்று போனில் வந்த ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களோடு. ஓய்வுபெற்ற நம் வயதுக்காரர்களிடம் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். பிச்சாவரம் பக்கம் படகுத்துறைக்கு அருகே குடியிருக்கும் ஒருவர் வீட்டு ரெகுலேட்டரின் படத்தைப் பார்த்துவிட்டு என் நண்பர் ஒருவர், “பார், எழுத்தெல்லாம் அரித்துப் போயிருக்கு, மூன்றாம் தர உலோகம், போலி” என்று சொல்லி அந்தக் குடும்பத்தை இரண்டு நாள் பட்டினி போடாத குறையாகப் பயமுறுத்திவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். முகவர் கொடுத்த அசல் ரெகுலேட்டர். எரிவாயு இணைப்பு எடுத்தபோது கொடுத்த வவுச்சர் இருக்கிறது, வரிசை எண் பள்ளமாகக் குத்தியிருக்கிறது, உரிம எண் சரியாக வருகிறது. கழிமுகத்து உப்புக் காற்றில் துத்தநாகக் கலவை வெள்ளைப் பொடி பூத்து எழுத்தை அரித்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பியே பத்து வருடம் தாங்குவதில்லை. அந்த ரெகுலேட்டரை முகவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன், பழசாகிவிட்டது என்பதற்காக. போலி என்பதற்காக அல்ல.

படத்தின் எல்லை இதுதான். ஒரு படம் ஒரு பொருளைக் குற்றவாளி என்று நிரூபிக்கலாம். நிரபராதி என்று நிரூபிக்க முடியாது. ஒரே வரிசை எண் இரண்டில் இருந்தால், உரிமம் வேறு பொருளுக்கு என்றால், உரிமம் காலாவதியான பிறகு வந்த தயாரிப்பு மாதம் பொறித்திருந்தால், அது பொய் என்று படமே சொல்லிவிடும். ஆனால் எல்லா எண்ணும் சரியாக இருந்தால்? ஒரு கெட்டிக்காரப் போலிக்காரன் சரியான பொருளுக்குரிய சரியான எண்ணையே பார்த்து அடித்திருக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டைப் படம் காட்டாது. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. பொருள் யார் கையிலிருந்து வந்தது என்பது.

ரெகுலேட்டரைப் பொறுத்தவரை அந்தப் பதில் சுலபம். வீட்டு இணைப்புக்கு உரிய ரெகுலேட்டரை நாம் விலைக்கு வாங்குவதே இல்லை. எண்ணெய் நிறுவனம் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு நமக்குக் கடனாகக் கொடுத்து வைத்திருப்பது அது. 2022 ஜூனில் அந்த வைப்புத்தொகையை 150 ரூபாயிலிருந்து 250 ஆக உயர்த்தினார்கள். கெட்டுப்போனால் முகவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து மாற்ற வேண்டும். என் மைத்துனர் மகள் தெருவில் கொடுத்தது ஒன்றுக்கு 350 ரூபாய். ஆக, போலி அசலைவிட விலை அதிகம்! மலிவு என்று ஏமாறுகிறார்கள் என்று சொல்லக்கூட வழியில்லை. ‘ஆயிரம் கேள்வி’க்குப் பயந்து ஏமாறுகிறார்கள். முகவர் அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஒருவரை ‘நாளைக்கு வா’ என்று அனுப்பும்போது அவர் நாளைக்கு வருவதில்லை. நேராகத் தெருவோரக் கடைக்குப் போகிறார்.

கேஸ்கெட்டில் அப்படி ஒரே வாசல் இல்லை. கடையில்தான் வாங்க வேண்டும். அங்கே என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டுக் குக்கர் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பிரஸ்டீஜ் குக்கர் செய்யும் டி.டி.கே. நிறுவனத்தை நடத்திய டி.டி. ஜகந்நாதன் அதைச் சொல்லியிருக்கிறார். பல வருடங்களுக்கு முன் வட இந்தியாவில் அவர்களுடைய குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தது. காரணம் தேடிப் போனவர் கண்டது, கடைகளில் விற்ற போலி உதிரிகள். குக்கர் மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். ஆவிக்குழாய் அடைத்து வெப்பம் ஏறினால் அதிலிருக்கும் உலோகம் உருகி வழிவிட வேண்டும். போலி வால்வு உருகவில்லை. போலிக்காரர்களை அவரால் ஒழிக்க முடியாது. ஆகவே மூடியின் விளிம்பில் ஒரு சிறு ஜன்னல் வெட்டினார்கள். அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கெட் அந்த ஜன்னல் வழியே பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். வால்வு பொய்யாக இருந்தாலும் உயிர் பிழைக்கும்.

பாராட்ட வேண்டிய யோசனைதான். ஆனால் அதன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். வால்வின் பொய்யைக் காப்பாற்றும் வேலை இப்போது கேஸ்கெட்டின் தலையில் விழுந்துவிட்டது. அந்தக் கேஸ்கெட்டும் போலியாக, தேவைக்கு மேல் கெட்டியான ரப்பராக இருந்தால் ஜன்னல் வழியே பிதுங்காது. முதல் காவலன் பொய், இரண்டாம் காவலனும் பொய் என்றால் மூடி போகும் திசையை யார் சொல்வது? அதனால் ‘வெறும் ரப்பர் வளையம்தானே’ என்று சொல்பவர்களுக்கு என் பதில், அது சீல் மட்டுமல்ல, பல குக்கர்களில் கடைசிப் பாதுகாப்பும் அதுவே.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. குக்கருக்குத் தர முத்திரை கட்டாயம் என்று 2020-இல் ஆணை போட்டு, 2021 பிப்ரவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முத்திரை இல்லாத ஹெல்மெட், குக்கர், எரிவாயு சிலிண்டர் வாங்காதீர்கள் என்று எச்சரிக்கை வெளியிட்டது. 2022 ஆகஸ்டில், தர விதிக்கு ஒவ்வாத 2,265 குக்கர்கள் தன் தளத்தில் விற்றதற்காக அமேசானுக்கும், 598 குக்கர்களுக்காக பிளிப்கார்ட்டுக்கும் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. உத்தரவின் அந்தப் பகுதி நல்லது. ஆனால் அபராதத்தை மட்டும் வகுத்துப் பாருங்கள். ஒரு லட்சத்தை 2,265-ஆல் வகுத்தால் ஒரு குக்கருக்கு 44 ரூபாய். ஒரு கேஸ்கெட்கூட அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். இதைத் தண்டனை என்று நான் சொல்ல மாட்டேன், கணக்கில் ஒரு செலவு வரி என்று சொல்வேன்.

அதோடு இன்னொன்று. அவை எல்லாம் விதியை மீறிய குக்கர்களைப் பற்றிய வழக்குகள். முத்திரையைத் திருடி அடிப்பது அதைவிடக் கெட்ட காரியம். முத்திரை இல்லாத பொருள் ‘என்னைச் சோதிக்கவில்லை’ என்று தானே ஒப்புக்கொள்கிறது. போலி முத்திரை ‘சோதித்தாகிவிட்டது’ என்று பொய்ச் சாட்சி சொல்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டாயத் தரப் பொருள்களை உரிமம் இல்லாமல் செய்தாலோ விற்றாலோ இரண்டு வருடம் வரை சிறை, அல்லது முதல் முறைக்குக் குறைந்தது இரண்டு லட்சம் அபராதம் என்று எழுதியிருக்கிறது. சட்டம் பல்லோடுதான் இருக்கிறது. கடிப்பதற்கு ஆள் யார் என்று காட்டிக்கொடுப்பது பில். நம் தெருவில் பில் கொடுப்பதில்லை, நாம் கேட்பதுமில்லை. என் மைத்துனர் மகள் அந்தச் செயலியிலேயே புகார் எழுதினாள். இரண்டு ரெகுலேட்டரின் படங்களையும், ஸ்கேலோடு, இணைத்தாள். ஆனால் விற்றவர் பெயர் என்ற இடத்தில் அவளால் எழுத முடிந்தது தெருவின் பெயர் மட்டும்தான். திருவிழா முடிந்து கடையும் போய்விட்டது.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் நீளமானதல்ல. ரெகுலேட்டர் முகவரிடம் மட்டும். கேஸ்கெட் வாங்கும்போது பில்லோடு வாங்குங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள், குக்கர் கம்பெனிப் பெயரும் அளவும் பார்த்து வாங்குங்கள். கடையில் நிற்கும்போதே கீழ் எண்ணைச் செயலியில் இட்டு, வருகிற பெயரும் பொருளும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டும் எண் படிக்க முடியவில்லை என்றால், அது நம் கண்ணின் குறை என்று நினைக்காதீர்கள். படிக்க முடியாத எண் எண்ணே அல்ல, பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பது பற்றிச் சந்தேகம் என்றால், பொருளே சில அடையாளம் சொல்லும். புது ரெகுலேட்டர் போட்ட பிறகு ஜுவாலை முன்பைவிட உயர்ந்து இரைந்தாலோ, ரெகுலேட்டரின் தலைத் துளை அருகே வாடை வந்தாலோ, சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழி எழுந்தாலோ, அதைத் திருகிச் சரி பார்க்காமல் கழற்றி வையுங்கள். வாயுக் கசிவுக்கு 1906 என்ற எண் எந்நேரமும் இருக்கிறது. புதுக் கேஸ்கெட் கொதிக்கும்போது டயர் எரிந்த வாடை அடித்தாலோ, மூடி விளிம்பில் கறுப்பாக ஒட்டினாலோ, நாலைந்து சமையலுக்குள் ஊதிப்போய் மூடியில் உட்கார மறுத்தாலோ, அதை வைத்து ஒரு சாம்பாரும் வேண்டாம்.

படம் அனுப்பி என்னிடம் கேட்பவர்களுக்கு: ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல், ஸ்கேலோடு எடுத்து அனுப்புங்கள், உறையையும் பில்லையும் சேர்த்து. ‘போலி’ என்று சொல்ல முடிந்தால் காரணத்தோடு சொல்வேன். ‘அசல்’ என்று மட்டும் என்னிடமிருந்து எழுத்தில் வாங்க முடியாது. அந்தப் பதிவேடு என் கையில் இல்லை.